சாட்சி இல்லாத கைநாட்டு

ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறவர்களில் பலர் சூரத்துக்குத்தான் போவார்கள். அங்கே உள்ள விசைத்தறிகளில் தலைமுறை தலைமுறையாக அவர்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த பையனின் அப்பாவும் சூரத்தில் தறி ஓட்டியவர். தறிக்கு எழுத்து தேவையில்லை. நூல் அறுந்தால் கண்ணில் படும், தறி பிசகினால் சத்தம் மாறும். மகன் பிரம்மபூரில் ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினான். அவனுக்குக் கிடைத்த வேலை உணவு விநியோகம். பார்க்கிறவர்களுக்கு அது வண்டி ஓட்டும் வேலை. உண்மையில் அது நாள் முழுவதும் வாசிக்கிற வேலை.

நான் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன். சூளைமேடு என் பீட். நெல்சன் மாணிக்கம் சாலைக்கும் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்துக்கும் இடையில் உள்ள சந்துகளை நடந்தும் சைக்கிளிலும் பழகியவன். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தை ஒடிசா பையன்கள் சிலர் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். எல்லாரும் இதே தொழில். புதிதாக வந்தவன் அவர்களில் ஒருவனுக்குச் சித்தப்பா மகன். வயது இருபத்திரண்டு. ஒடியா வழியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்த்து வாசிக்க நேரமாகும். இந்தி பேசுவான், பள்ளியில் மூன்று வருடம் படித்ததால் எழுத்துக்கூட்டிப் படிப்பான். தமிழ் சுத்தமாகத் தெரியாது. என்னை ‘மௌசா’ என்று கூப்பிடுவான். பெரியவர்களை அவர்கள் ஊரில் அப்படி அழைப்பார்கள். என்னிடம் இருந்த கொஞ்சம் இந்தியும் அவன் கற்றுக்கொண்ட கொஞ்சம் தமிழும் சேர்ந்து எங்கள் பேச்சு ஓடியது. பெயரை எழுதினால் அவன் வேலைக்குச் சிக்கல் வரலாம் என்பதால் எழுதவில்லை.

வந்த சில நாட்களில் அவனுக்கு வாடகை மின்சார ஸ்கூட்டர் கிடைத்துவிட்டது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத, 250 வாட்டுக்கு மிகாத மோட்டார் உள்ள வண்டிக்கு ஓட்டுநர் உரிமம் வேண்டாம், பதிவெண்ணும் வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள். வார வாடகை, தீர்ந்த பேட்டரியைக் கொடுத்துவிட்டு ஏற்றிய பேட்டரியை எடுத்துக்கொள்ளும் கடை, முதுகில் பெட்டி, சட்டை. இவ்வளவும் ஒரே பகலில் முடிந்துவிட்டது. பிறகுதான் செயலி வந்தது.

செயலியில் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆங்கிலம், இந்தி, தமிழ் என்று சில மொழிகள் இருந்தன. ஒடியா அந்தப் பட்டியலில் இல்லை. முதலில் இந்தியை வைத்தான். இரண்டாம் நாளே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டான். ஏன் என்று கேட்டேன். சிக்கல் வந்தால் அண்ணனுக்கு போன் செய்வானாம். அண்ணன் தன் வண்டியை ஓட்டிக்கொண்டே, ‘Reached என்று இருக்கும், அதை இழு’ என்பானாம். இவன் திரையில் அந்த வார்த்தை இருக்காது. அதே இடத்தில் நீளமான இந்தி வாக்கியம் ஒன்று இருக்கும். உதவி செய்கிற எல்லாரும் ஆங்கிலத் திரையை மனத்தில் வைத்தே பேசினார்கள். அதனால் ஓரளவு படிக்கத் தெரிந்த மொழியை விட்டுவிட்டு, அதைவிடக் குறைவாகப் படிக்கத் தெரிந்த மொழிக்குப் போனான். தொழில் தெரிந்தவன் செய்யக்கூடிய முடிவு அது என்றே நினைக்கிறேன். தனியாக நின்று புரிந்துகொள்வதைவிட, நாலு பேர் கைகொடுக்கக்கூடிய இடத்தில் நிற்பது மேல்.

வேலையின் வரிசை எளிதானது. ஆர்டர் வந்ததும் போன் அலறும். கடையின் பெயர், தூரம், கிடைக்கப்போகிற தொகை எல்லாம் திரையில் இருக்கும். கூடவே நொடிகள் குறைந்துகொண்டே வரும். அது முடிவதற்குள் ஏற்க வேண்டும். கடைக்குப் போனதும் Reached. ஆர்டர் எண்ணின் கடைசி இலக்கங்களைச் சரிபார்த்துப் பொட்டலங்களை எண்ணி வாங்கிக்கொண்டதும் Picked up. வாடிக்கையாளர் வீட்டு வாசலில் இன்னொரு முறை Reached. பணம் வாங்க வேண்டியிருந்தால் வாங்கிக்கொண்டு Delivered. ஒவ்வொரு கட்டத்திலும் திரையின் அடிப்பகுதியில் நிறமான பட்டை ஒன்று தோன்றும். அதை இடமிருந்து வலமாக இழுக்க வேண்டும்.

அண்ணன்காரன் ஒரே மாலையில் கற்றுக்கொடுத்துவிட்டான். “எழுத்தைப் பார்க்காதே. கீழே பட்டை வந்தால் இழு. அடுத்தது தானாக வரும்.” அப்படித்தான் அவனும் கற்றிருந்தான். உண்மையில் பத்தில் ஒன்பது ஆர்டருக்கு இந்தப் பாடம் போதும். பையன் திரையை வாசிக்கவில்லை. எந்த இடத்தில் என்ன நிறம் வருகிறது என்று மனப்பாடம் செய்திருந்தான். வேகமாகவும் இருந்தான். முதல் வாரம் அவன் வேலை செய்ததைப் பார்த்தவர்கள் யாரும் அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பத்தாவது ஆர்டரில்தான் எழுத்து தேவைப்படும். அது எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரியாது.

முதலில் இடித்தது முகவரி. வரைபடம் காட்டுகிற புள்ளி வரைக்கும் வண்டி போய்விடும். ஆனால் வாடிக்கையாளர் வீட்டுக்குள் உட்கார்ந்து ஆர்டர் செய்யும்போது, சுவர்களுக்கு நடுவே போனின் இருப்பிடக் கணக்கு பிசகும். புள்ளி தெருமுனையிலோ பின்தெருவிலோ விழும். அங்கிருந்து வாசல்வரை எழுத்துதான் வழி. சென்னையில் அந்த எழுத்துக்கும் ஒரு வினோதம் உண்டு. மாநகராட்சி கதவு எண்களை மாற்றியமைத்த பிறகு வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள். சிலர் ‘14/31’ என்று எழுதுவார்கள், சிலர் ‘31/14’ என்பார்கள். எது பழையது, எது புதியது என்பதற்கு ஒழுங்கே கிடையாது. ஒரே தெருவில் பழைய 14 ஒரு கோடியிலும் புதிய 14 இன்னொரு கோடியிலும் இருக்கும். நாங்கள் தபால்காரர்கள் குடும்பத்தின் பெயரை வைத்துத் தப்பித்தோம். ஊருக்குப் புதியவனுக்கு அந்த வசதி இல்லை.

அதோடு சுருக்கெழுத்து. Opp, Nr, B/h, Extn, 2nd Flr, X St. அகராதியிலும் பள்ளிப் புத்தகத்திலும் பார்த்திராத துண்டுகள் இவை. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் ‘Opposite’ என்ற முழுச் சொல்லைக்கூட மெல்ல மெல்லப் பிடித்துவிடுவான். ‘Behind’ என்பதற்காக எழுதும் ‘B/h’ஐக் கூட்டிப் பார்த்தால் ஒன்றும் வராது. தெருப் பெயர்களின் ஆங்கில எழுத்துமுறையும் ஆளுக்கு ஒரு விதம். ஒருவர் Koil என்று எழுதுவார், அடுத்தவர் Kovil என்பார். பிள்ளையாருக்கே மூன்று நான்கு விதமான எழுத்துக்கூட்டல் உண்டு. உருவத்தை வைத்து நினைவில் கொள்கிறவனுக்கு ஒவ்வொன்றும் வேறு சொல்.

இனி அந்த இரவு. செப்டம்பர் மழை. மணி ஒன்பதரைக்கு மேல் அவனுக்கு ஓர் ஆர்டர் வந்தது. 486 ரூபாய், கையில் வாங்க வேண்டிய காசு. முகவரியில் பழைய எண் 14, புதிய எண் 31, பிள்ளையார் கோயில் இரண்டாவது குறுக்குத் தெருவின் விரிவு என்று ஆங்கிலத்தில் இருந்தது. கண்ணில் முதலில் பட்டது 14. வரைபடப் புள்ளி விழுந்தது குறுக்குத் தெருவின் தொடக்கத்தில். புதிய எண் 14 அங்கேதான் இருந்தது. புள்ளிக்கு அருகில் வந்துவிட்டதால் செயலியும் Reached என்பதை ஏற்றுக்கொண்டது. இது முக்கியமானது. போன் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால்தான் அந்தப் பட்டை வேலை செய்யும். அது வேலை செய்ததால் சரியான வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று பையன் நம்பினான். புள்ளி தவறாக விழுந்தால் அந்தப் பாதுகாப்பும் தவறான இடத்துக்குத்தான் காவல் நிற்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அழைப்புமணியை அடித்தான். வந்த பெண்மணி நாங்கள் எதுவும் சொல்லவில்லையே என்றார். வாடிக்கையாளரை போனில் அழைத்தான். அவர் தமிழில் வேகமாக வழி சொன்னார். கோயிலைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு அப்புறம், இரும்புக் கதவு. அவனுக்குப் புரிந்தது ‘கோயில்’ மட்டும். இந்தியில் கேட்டான். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். மழைச் சத்தத்தில் அதுவும் போயிற்று. மறுபடி அழைத்தபோது அவர் எடுக்கவில்லை. ஏற்கெனவே நேரமாகியிருந்தது, அவர் எரிச்சலில் இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. திரையின் மேல் மூலையில் சிறிய எழுத்தில் Help என்று இருக்கும். அதைத் தொட்டால் காரணங்களின் பட்டியல் வரும். வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் காத்திருப்பு நேரம் ஓடத் தொடங்கும். செயலி தானும் வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பும். நேரம் முடிந்தும் பதில் வராவிட்டால் ஆர்டர் அவன் தலையில் விழாமல் முடியும். பட்டியலைத் திறந்தான். எட்டுப் பத்து வரிகள். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு, படம் எதுவும் இல்லை. நிறத்தையும் இடத்தையும் வைத்து வேலை கற்றவனுக்கு அந்தத் திரையில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அண்ணனை அழைத்தான். அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தான், எடுக்கவில்லை. பட்டியலை மூடினான். கீழே பழக்கமான பட்டை ஒளிர்ந்துகொண்டிருந்தது. இழுத்தான்.

அது Delivered.

காசாக வாங்க வேண்டிய ஆர்டரில் அந்தப் பட்டையை இழுத்தால், உணவைக் கொடுத்துவிட்டேன், 486 ரூபாயை வாங்கிக்கொண்டேன் என்று இரண்டையும் சொன்னதாக ஆகிறது. நிறுவனத்தின் கணக்கில் அந்தத் தொகை அவன் கையிருப்பாக ஏறிவிட்டது. உணவோ அவன் பெட்டியில் இருந்தது. சில நிமிடங்களில் வாடிக்கையாளர், உணவு வராமலே வந்ததாகக் காட்டுகிறது என்று புகார் செய்தார். அவர் பக்கத்தில் அது முழு உண்மை. பதினொரு மணிக்குள் பையனின் கணக்கு முடக்கப்பட்டது. திரையில் ஆங்கிலத்தில் நான்கு வரி அறிவிப்பு. அதைப் படமெடுத்துத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். ஊர்க்காரர்கள் ஒடியாவில் குரல்பதிவாகப் பதில் அனுப்பினார்கள். அந்தக் குழுவில் எழுத்தே அதிகம் இருக்காது. படம் போகும், குரல் வரும். பொய்யாக டெலிவரி காட்டியதாகக் குற்றம் என்று ஒருவர் விளக்கினார். அப்போதுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது. மறுநாள் காலையில் அண்ணன் அவனை என்னிடம் அழைத்து வந்தான்.

நான் முதலில் செய்தது கணக்குப் பார்த்தது. “உன் பையில் இருக்கிற ரூபாயை எண்ணு” என்றேன். 1,140 இருந்தது. செயலியில் கையிருப்பு 1,626 என்று காட்டியது. வித்தியாசம் 486. ஒற்றை ஆர்டரின் தொகை, சில்லறைகூடப் பிசகாமல். அவன் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவு எனக்குத் தேவைப்படவில்லை. பிரிக்காத உணவுப் பொட்டலத்தை அண்ணன் இரவே படமெடுத்து வைத்திருந்தான், அது புத்திசாலித்தனம். போனின் அழைப்புப் பட்டியலில் வாடிக்கையாளருக்குச் செய்த அழைப்புகள் நேரத்தோடு இருந்தன. மூன்றையும் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் வட்டார அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த இளைஞர் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கையில் அதிகாரம் இல்லை. செயலியின் உதவிப் பகுதியில் எழுதுங்கள் என்றார். நான் ஆங்கிலத்தில் எழுதினேன். சில நாட்கள் கழித்துக் கணக்கு திறக்கப்பட்டது. 486 ரூபாய் அந்த வார வருமானத்தில் கழிக்கப்பட்டது. அதற்குள் ஸ்கூட்டரின் வார வாடகை வண்டி நின்ற நிலையிலேயே ஏறிவிட்டது.

மணியார்டர் கொடுத்த காலத்தை நினைத்துக்கொண்டேன். எங்கள் பகுதியில் ஆற்றோரக் குடிசைகளில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் கைநாட்டு வைப்பார்கள். ஆனால் வெறும் கைநாட்டு செல்லாது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று, தொகையைச் சொல்லி, அது இவருடைய ரேகைதான் என்று சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சி கிடைக்காவிட்டால் பணத்தை அலுவலகத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவோம். படிக்கத் தெரியாதவரின் விரலைப் படிக்கத் தெரிந்தவரின் கண் காவல் காக்க வேண்டும் என்பது அந்த விதியின் பொருள். இந்தப் பையன் ஒரு நாளில் எத்தனையோ முறை திரையில் விரலை வைத்து இழுக்கிறான். ஒவ்வோர் இழுப்பும் வாக்குமூலம். சாட்சி யாரும் இல்லை. காலையில் வேலைக்கு நுழையும்போது சில நாட்களில் நீளமான அறிவிப்பு ஒன்று திரையை மூடிக்கொள்ளும். புதிய கூலி விகிதமாக இருக்கலாம், புதிய பிடித்தமாக இருக்கலாம். கீழே Agree. அதை அழுத்தாமல் அன்றைய முதல் ஆர்டர் வராது. அதில் என்ன இருந்தது என்று கேட்டால், “தெரியாது மௌசா, பட்டை வந்தது” என்கிறான். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அஞ்சல் துறை கிராமத்துக் கிழவிக்குக் கொடுத்த மரியாதையை இவனுக்கும் யாராவது கொடுக்க வேண்டும்.

கணக்கு முடங்கிக் கிடந்த நாட்களில்தான் நோட்டுப் புத்தகம் தொடங்கியது. ஆங்கிலம் கற்றுக்கொடுக்க நான் முயலவில்லை. அதற்கு அவனுக்கு நேரமும் இல்லை, எனக்கு அந்தத் திறமையும் இல்லை. எனக்குத் தெரிந்தது சார்ட்டிங். கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்கும்போது தபால்காரர் முகவரியை மேலிருந்து படிப்பதில்லை. கடைசியிலிருந்து படிப்போம். முதலில் பின்கோடு, 600094 என்றால் சூளைமேடு, 600029 என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அமைந்தகரை. பிறகு தெரு, பிறகு குறுக்குத் தெரு, பிறகு கதவு எண், கடைசியில் மாடி. கடிதத்தில் பெயருக்கு அடுத்து வருவது கதவு எண். ஆனால் தெருவுக்குள் நுழையும் வரை அதனால் பயன் எதுவும் இல்லை. அந்த இரவில் பையன் முதலில் பிடித்துக்கொண்டது கதவு எண்ணை. அதனால்தான் தெருவின் பெயரில் இருந்த ‘விரிவு’ என்ற பகுதி அவன் கண்ணில் படவே இல்லை. Extn என்று இருந்தால் தெரு முடிந்த மாதிரி தோன்றுகிற இடத்தைத் தாண்டி இன்னும் உள்ளே போக வேண்டும். பழைய 14 அங்கேதான் இருந்தது.

முகவரியின் பின்பக்கத்திலிருந்து வா என்று சொன்னதும் அவன் உடனே பிடித்துக்கொண்டான். வாசிக்க வேண்டியது குறைந்துவிட்டதே காரணம். பின்கோடு இலக்கம்தான், அது அவனுக்குத் தெரியும். தெருவின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளை வரைபடத்தோடு ஒப்பிட்டால் போதும். முழுப் பெயரையும் படிக்க வேண்டாம். Koil, Kovil தொல்லை இதனால் பாதி தீர்ந்தது. இரண்டும் தொடங்குவது ஒரே எழுத்தில். மீதியுள்ள சுருக்கச் சொற்களை நோட்டின் ஒரு பக்கத்தில் எழுதினேன். எதிரே அவன் ஒடியாவில் எழுதிக்கொண்டான். Old, New இரண்டுக்கும் மட்டும் தனிப் பக்கம். இரண்டு எண்கள் இருந்தால் அந்தச் சொற்களைத் தேட வேண்டும். சொற்கள் இல்லாமல் வெறும் கோடு மட்டும் இருந்தால் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே வாடிக்கையாளரை அழைத்து எண்ணைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரே ஒரு தமிழ் வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். “பழைய நம்பரா, புது நம்பரா?” பதில் ஒரு சொல்லில் வரும். வழியைக் கேட்டால் தமிழ் வெள்ளமாக வரும், அவன் மூழ்கிவிடுவான். ஒரு சொல்லில் பதில் வரும் கேள்வியைக் கேட்பதுதான் அவனுக்கு இப்போதைக்குக் கரை.

செயலியின் திரைகளை வேறு விதமாகப் பிரித்தோம். அன்றாடம் வருகிற திரைகளை அவன் நிறத்தை வைத்தே ஓட்டட்டும். அதில் மாற்ற ஒன்றும் இல்லை. எப்போதாவது வருகிற திரைகளை மட்டும் படமெடுத்து, அருகில் உள்ள கடையில் அச்சிட்டு நோட்டில் ஒட்டினோம். காரணப் பட்டியலில் இரண்டே வரிகளை அவன் கண்ணை மூடிக்கொண்டு வரைகிற அளவுக்குப் பழக்கினேன். வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்பது ஒன்று. முகவரி தவறு என்பது மற்றொன்று. அந்த வரிகள் எத்தனையாவதாக இருக்கின்றன என்று அவனுக்குச் சொல்லவே இல்லை. செயலியைப் புதுப்பிக்கும்போது வரிசை மாறிவிடும். அப்படியே நடந்தது. நவம்பரில் ஒரு புதுப்பிப்பு வந்து, Delivered பட்டைக்கு மேல் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள் முளைத்தன. இடத்தை மட்டும் நம்பியிருந்த அறைத்தோழர்கள் ஒரு நாள் முழுவதும் தடுமாறினார்கள். பையன் Yes, No இரண்டையும் எழுத்தாகப் படித்தான்.

இன்னொரு பழக்கம், மணியார்டர் பையிலிருந்து வந்தது. நாங்கள் ஒவ்வொரு பட்டுவாடாவுக்குப் பிறகும் மீதியை எண்ணுவோம். மாலையில் அலுவலகத்தில் எண்ணிப் பார்த்து அதிர்ச்சி அடைவதில் பயனில்லை. அவனும் காசு ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் பிறகு பையில் உள்ள தொகையையும் செயலி காட்டும் கையிருப்பையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் இலக்கங்கள், எந்த மொழியும் தேவையில்லை. பொருந்தாவிட்டால் அடுத்த ஆர்டரை ஏற்காமல் நின்றுவிட வேண்டும். தவறு நடந்த பத்து நிமிடத்துக்குள் உதவிப் பகுதியில் சொன்னால் பெரும்பாலும் சரிசெய்கிறார்கள். இரவு முழுவதும் கடந்துவிட்டால் அது குற்றமாகப் பதிவாகிவிடுகிறது. ஓர் இரவு 212 ரூபாய் கூடுதலாகக் காட்டியது. உடனே நின்றான், படமெடுத்து அனுப்பினான். அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பலர் வாசலின் இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் என்பதால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். செயலியில் உங்கள் முகவரியை ஒருமுறை திறந்து பாருங்கள். வரைபடப் புள்ளியை விரலால் நகர்த்தி உங்கள் வாசல் கதவின் மேல் வையுங்கள். ஒருமுறை செய்தால் போதும், சேமிப்பில் இருக்கும். இரண்டு கதவு எண்கள் இருந்தால், சுவரில் எந்த எண் எழுதியிருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். சுருக்கெழுத்தை விட்டு முழுச் சொல்லாக எழுதுங்கள். அடையாளத்துக்குக் கண்ணால் பார்த்தால் தெரிகிற ஒன்றைச் சொல்லுங்கள். நீலக் கதவு என்று எழுதினால் எந்த ஊர்க்காரருக்கும் புரியும். ‘முன்பு மருந்துக்கடை இருந்த இடம்’ என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்ததை அவன் என்னிடம் காட்டினான். அந்த மருந்துக்கடையை எனக்குத் தெரியும். அது மூடி வருடங்கள் ஆகின்றன.

அரசுகள் இவர்களைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புதான் இந்தியச் சட்டத்தில் முதன்முறையாக கிக் தொழிலாளி என்பவர் யார் என்று வரையறுத்தது. தமிழ்நாடு 2023இல் இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் இவர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறை திறந்தது. பையன் மதிய வெயிலில் அங்கே உட்கார்ந்து நோட்டைப் புரட்டியிருக்கிறான். எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது கர்நாடகம் 2025இல் இயற்றிய சட்டத்தின் ஒரு விதி. ஒப்பந்தம் எளிய நடையில் இருக்க வேண்டும். கன்னடம், ஆங்கிலம் அல்லது அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, அந்தத் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் கிடைக்க வேண்டும் என்கிறது அது. ஒடியா அந்த அட்டவணையில் இருக்கிறது. ஆனால் இது ஒப்பந்தத்துக்குத்தான். அந்தக் காரணப் பட்டியலும், முடக்க அறிவிப்பும், காலையில் வருகிற Agree திரையும் ஒப்பந்தத்தின் பகுதியா என்று யாராவது வழக்காடித்தான் முடிவாக வேண்டும். என்னைக் கேட்டால், கூலியைத் தொடுகிற எந்தத் திரையும் ஒப்பந்தம்தான். அவற்றை ஒடியாவில் எழுதிக் காட்ட முடியாவிட்டால் ஒடியாவில் வாசித்தாவது காட்டலாம். அந்தப் போனில் ஒலிபெருக்கி இருக்கிறது. ஆர்டர் வரும்போது அலறுவதும் அதுதான்.

இப்போது வாரக் கணக்கைப் படிக்கிறோம். திங்கட்கிழமைகளில் அவன் வேலைக்குத் தாமதமாகத்தான் போவான். அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கு. ஆர்டர் கூலி, தூரத்துக்கான தொகை, மழைக்கான கூடுதல், இலக்கை எட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகை வரைக்கும் அவனே படிக்கிறான். அடியில் பிடித்தங்கள். பெட்டிக்கும் சட்டைக்கும் தவணை போகிறது, அது தெரிந்ததுதான். அதற்குக் கீழே சிறிய தொகையாக ஒரு வரி, மூன்று வாரமாக வருகிறது. அதை அவன்தான் கண்டுபிடித்தான். அறையில் உள்ள மற்றவர்களுக்கும் அது போகிறது, யாரும் பார்த்திருக்கவில்லை. அந்த வரி எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. வட்டார அலுவலக இளைஞருக்கும் தெரியவில்லை. எல்லாருடைய பெயரையும் சேர்த்து நான் ஆங்கிலத்தில் எழுத, அவர்கள் ஒடியாவில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.